குண்டு பிஎஸ்4 என்றால் எந்தக் குண்டு?

போன ஜூலையில் ஒரு ராத்திரி செம்பூரில் மூன்று தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது ஃபிரிட்ஜ் ஓடியது, ஃபேன் ஓடியது, வைஃபை கூட வந்துவிட்டது, என் பிஎஸ்4 கேம் கன்சோல் மட்டும் வரவில்லை. பொத்தானைத் தொட்டால் வழக்கமாக வரும் அந்த ஒற்றை பீப் சத்தம் இல்லை, நீல வெளிச்சமும் இல்லை. பிரிண்டருக்குப் போட்டிருந்த எட்டு வடிவ முனை வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அதே நிலைமைதான்.

இது என் அத்தான் 2014-இல் துபாயிலிருந்து கொண்டுவந்தது. புதுசு வாங்கியதும் பழசை என் தலையில் கட்டிவிட்டார், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஒன்பது வருஷம் உழைத்த சாமான் செத்துப்போனதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அதைப் பிழைக்க வைக்கப் போய் நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

பீப் சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். பிஎஸ்4-க்குள் இருக்கும் சப்ளை இரண்டு மின்னழுத்தம் கொடுக்கிறது. ஒன்று 12 வோல்ட், இதில்தான் கன்சோல் விளையாடும். இன்னொன்று 4.8 வோல்ட், இது பிளக்கில் மாட்டியிருக்கும் நேரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும், பொத்தானைத் தொட்டதைக் கவனித்து எழுப்பிவிடுவது இதன் வேலை. இந்தச் சின்ன வோல்ட் வராவிட்டால் பெட்டிக்கு நீங்கள் தொட்டதே தெரியாது. மாறாக, பீப் வந்து நீல வெளிச்சம் ஒரு கணம் மின்னி அணைந்துவிட்டால் கதை வேறு. அப்போது சப்ளையும் காரணமாக இருக்கலாம், போர்டில் எங்கேயாவது ஷார்ட் ஆகியிருக்கலாம், அதற்குச் சப்ளை வாங்குவது சூதாட்டம். என்னுடையது முதல் வகை. சரி, சப்ளை வாங்கிவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

குர்லாவில் மாறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி நடந்தால் லேமிங்டன் ரோடு. மும்பையில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் என்றால் எல்லாரும் கை காட்டுகிற இடம். நான் நுழைந்த கடையில் பிஎஸ்4 பவர் சப்ளை வேண்டும் என்றேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "மோட்டாவாலா, பத்லாவாலா?" குண்டா, ஒல்லியா. முதலில் வந்த தடித்த பெட்டி குண்டு, பிறகு வந்த ஸ்லிம் ஒல்லி. என்னுடையது குண்டுதான் என்றேன். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார், 1,800 ரூபாய், செகண்ட் ஹேண்ட், ஆனால் செக் பண்ணியது என்றார். மேலே ADP-240AR என்று ஸ்டிக்கர். 240 வாட், குண்டு பிஎஸ்4-க்கு உரியது, எல்லாம் சரிதானே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வந்து திறந்தேன். குண்டு பிஎஸ்4-இல் ஒரு வசதி, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி அடிமூடியைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவதே சப்ளைதான். ஸ்க்ரூ மட்டும் நட்சத்திர முனை, நடுவில் துளை உள்ளது, அதற்கேற்ற டிரைவர் வேண்டும். சப்ளையின் சொந்த ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு நேராக மேலே தூக்க வேண்டும், ஏனென்றால் மதர்போர்டிலிருந்து இரண்டு தடித்த உலோகத் தகடுகள் நிமிர்ந்து சப்ளைக்குள் சொருகியிருக்கும். 12 வோல்ட் அந்த வழியாகத்தான் போகிறது. அது போக, ஒரு சின்ன வயர்க்கற்றை தனியாக வந்து போர்டில் ஒரு குட்டி சாக்கெட்டில் மாட்டும். 4.8 வோல்ட்டும் எழுப்புகிற சமிக்ஞையும் அந்த வழி. (சப்ளையைக் கழற்றுங்கள், ஆனால் சப்ளையின் டப்பாவையே திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.)

பழைய சப்ளையின் குட்டி வயரில் நான்கு முனை. நான் வாங்கி வந்ததில் ஐந்து. தகடுகள் பொருந்தின, அளவு பொருந்தியது, ஸ்க்ரூ ஓட்டைகூடப் பொருந்தியது, அந்தச் சின்ன பிளக் மட்டும் ஏறவில்லை. பழையதன் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தேன், ADP-240CR. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு தாராவி 90 அடி சாலைக்குப் போனேன். அங்கே ஒரு அண்ணன் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், நெல்லைப் பக்கத்துக்காரர், முன்னால் மொபைல், பின்னால் ஒரு திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் பிஎஸ்2-இலிருந்து எல்லாக் கன்சோலும். நான் இரண்டு சப்ளையையும் மேசையில் வைத்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி, மாடல் நம்பரைப் பாக்காமலா வாங்கினிய?"

"குண்டு பிஎஸ்4-னு சொன்னேன் அண்ணே."

"குண்டுல மூணு குண்டு இருக்குல்லா."

அவர் சொல்லித் தந்ததும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதும் சேர்த்து எழுதுகிறேன்.

கன்சோலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் CUH என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். என்னுடையது CUH-1116A. இதில் உதிரிபாகம் வாங்குகிறவருக்கு உயிர்நாடி CUH-க்கு அடுத்து வரும் முதல் இரண்டு இலக்கங்கள்தான். 10, 11, 12 என்று மூன்று குண்டுகள். 20, 21, 22 ஸ்லிம். 70, 71, 72 ப்ரோ. அடுத்த இரண்டு இலக்கங்கள் எந்த நாட்டுச் சந்தைக்குப் போனது என்பதைச் சொல்கின்றன. இதில் குழப்பம் உண்டு, ஏனென்றால் அமெரிக்காவுக்குப் போன முதல் மாடல் 1001, அடுத்தது 1115, அதற்கடுத்தது 1215, ஆக 01-உம் 15-உம் ஒரே நாடுதான். என்னுடைய 16 ஐரோப்பா, வளைகுடா பக்கம். கடைசி எழுத்து சேமிப்பு, A என்றால் 500 ஜிபி, B என்றால் 1 டிபி. ஹார்ட் டிஸ்க்கை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்பதால் பழைய பெட்டி வாங்கும்போது அந்தக் கடைசி எழுத்தை நம்பிக் காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

நாட்டு எண்ணைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். சப்ளைக்கோ லேசருக்கோ அது முக்கியமில்லை. கேம் டிஸ்க்குக்கும் முக்கியமில்லை, பிஎஸ்4 எந்த நாட்டுக் கேமையும் ஓட்டும். படம் பார்க்கிற டிஸ்க்குக்கு மட்டும் முக்கியம். ப்ளூரேயில் துபாய்ப் பெட்டி பி மண்டலம், இந்தியா சி மண்டலம். அத்தான் பெட்டி வந்த புதிதில் இங்கே வாங்கிய ஒரு படம் ஓடாமல் போனபோது, டிஸ்க் டூப்ளிகேட் என்று கடைக்காரருடன் சண்டை போட்டார். பாவம் கடைக்காரர்.

இப்போது அந்த மூன்று குண்டுகள். CUH-10 2013 நவம்பரில் வந்தது, இந்தியாவில் 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது இதுதான். அடுத்து 2014-இல் CUH-11. பிறகு 2015-இல் CUH-12. இவற்றில் 12-ஐக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கறுப்புப் பெட்டியாக இருந்தால் மேல்மூடியின் ஒரு பகுதி கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதா என்று பாருங்கள், பளபளத்தால் 10 அல்லது 11, மொத்தமும் மங்கல் கறுப்பு என்றால் 12. மின்சாரப் பொத்தானும் டிஸ்க் பொத்தானும் விரலை வைத்தாலே வேலை செய்கிற தொடு பட்டையாக இருந்தால் 10 அல்லது 11. அழுத்தினால் உள்ளே போய் வருகிற நிஜப் பொத்தானாக இருந்தால் 12. எடையும் குறைவு, 2.8 கிலோ 2.5 ஆனது. உச்ச மின்நுகர்வும் 250 வாட்டிலிருந்து 230-க்கு இறங்கியது.

ஆனால் 10-க்கும் 11-க்கும் வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதே பளபளப்பு, அதே தொடு பட்டை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சப்ளை மாறியது. பெரும்பாலும் 10-இல் ADP-240AR, ஐந்து முனை. 11-இல் ADP-240CR, நான்கு முனை. கண்ணால் பிரிக்க முடியாத இடத்தில்தான் பாகம் மாறுகிறது, கடைக்காரரோ கண்ணால் பார்த்துப் பிரிக்கிற பெயரைத்தான் கேட்கிறார். தப்பு என்னுடையதா அவருடையதா என்றால் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம், நஷ்டம் மட்டும் முழுக்க என்னுடையது.

12-க்கு வேறு சப்ளை, ADP-200ER. அதே 12-இல் சில பெட்டிகளில் N14-200P1A என்று இருக்கும். இது வேறு மாடல் என்று பயப்பட வேண்டாம், வேறு தயாரிப்பாளர், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஆக, ஸ்டிக்கர் எண் ஒன்றாக இல்லாவிட்டாலும் பொருந்தும் இடமும் உண்டு, ஒரு எழுத்து மாறினாலே பொருந்தாத இடமும் உண்டு. இதனால்தான் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் பெட்டிக்குள்ளிருந்து கழற்றிய சப்ளையையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது புத்திசாலித்தனம் என்று அண்ணன் சொன்னார். நான் வேண்டுமென்றே கேட்டேன், 200ER-உம் நான்கு முனைதானே, அதை 11-இல் போட்டால் என்ன? அவர் ஒரே வரியில் முடித்தார்: "250 வாட் தின்னுதவனுக்கு 200 வாட் சமைக்கதவன வச்சா எத்தனை நாள் தாங்கும்?"

லேமிங்டன் ரோடு கடைக்காரர் முதலில் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். பிறகு 400 ரூபாய் பிடித்துக்கொண்டு மாற்றித் தர ஒத்துக்கொண்டார். இந்த முறை நான் பழைய சப்ளையை மேசையில் வைத்து, முனையை எண்ணிக் காட்டி, CR என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டி வாங்கினேன். வீட்டில் மாட்டினேன். பீப். அந்தச் சத்தத்தைக் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து "வந்துடுச்சா?" என்று கேட்டாள், அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

ஸ்டிக்கரை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஒரு கேள்வி. சொந்தமாகப் புதிதாக வாங்கிய பெட்டி என்றால் முழுக்க நம்பலாம். பழைய பெட்டி வாங்கினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரிப்பேர் கடைகளில் செத்த நாலு பெட்டிகளிலிருந்து உயிருள்ள இரண்டு பெட்டிகள் பிறப்பது வழக்கம், அப்போது 11-இன் ஓட்டுக்குள் 10-இன் போர்டு போய்விடும். ஸ்டிக்கர் ஓட்டில்தானே ஒட்டியிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் திறந்து மதர்போர்டில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். SAA என்று தொடங்கினால் 10, SAB என்றால் 11, SAC என்றால் 12. ஸ்டிக்கரும் போர்டும் வேறு வேறு சொன்னால் போர்டு சொல்வதுதான் உண்மை.

சப்ளை மாற்றிய சந்தோஷம் இரண்டு மாதம்தான் நீடித்தது. செப்டம்பரில் டிஸ்க் படிப்பது நின்றுவிட்டது. உள்ளே இழுக்கும், சுற்றும், கொஞ்சம் கனைக்கும், வெளியே தள்ளிவிடும். புது டிஸ்க்கையும் அப்படியே தள்ளியது என்பதால் லேசர் போய்விட்டது என்று முடிவு செய்தேன். இந்த முறை நான் விவரமான ஆள், CUH-11-க்கு உரிய டிரைவ் என்று தேடினேன். இங்கே எனக்குத் தெரியாமல் இன்னொரு குழி இருந்தது, அதில் விழாமல் தடுத்தது அண்ணனுக்கு நான் அடித்த ஒரு போன்தான்.

பிஎஸ்4-இன் டிஸ்க் டிரைவும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று தாலி கட்டிக்கொண்டவை. 10, 11 இரண்டிலும் டிரைவின் டப்பாவோடு ஒரு பச்சை போர்டு சேர்ந்திருக்கும், அந்த போர்டில் உள்ள சாவி இந்த மதர்போர்டுக்கு மட்டும் பொருந்தும். முழு டிரைவையும் வேறு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் டிஸ்க்கை இழுக்கும், தள்ளும், மோட்டார் ஓடும், கேமை மட்டும் படிக்காது. சிஸ்டம் அப்டேட்டும் இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே முழு டிரைவ் வாங்கினாலும் உங்கள் பழைய பச்சை போர்டைக் கழற்றி அதில் மாற்றிப் போட்டே ஆக வேண்டும்.

அப்படி மாற்றிப் போட வேண்டும் என்றால் போர்டும் புது டிரைவின் லேசரும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். அங்கேதான் மாடல் நம்பர் கைவிடுகிறது. இந்தத் தலைமுறைப் பெட்டிகளில் இரண்டு விதமான டிரைவ் வந்திருக்கிறது. ஒன்று KEM-490 என்று எழுதியிருக்கும், அதற்கு BDP-020 அல்லது BDP-025 போர்டு. இன்னொன்று KEM-860, அதற்கு BDP-010 அல்லது BDP-015. வெளியே CUH-1116A என்ற ஸ்டிக்கரைப் பார்த்து உள்ளே எது இருக்கிறது என்று சொல்ல முடியாது. திறந்துதான் பார்க்க வேண்டும். இதோடு KES என்று தொடங்கும் எண்ணும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம். KES என்றால் லேசர் மட்டும், KEM என்றால் லேசரும் அது ஓடுகிற தண்டவாளமும் மோட்டாரும் சேர்ந்த தட்டு. கை நடுங்காதவர்கள் KES மட்டும் வாங்கலாம், விலை குறைவு. நான் KEM-தான் வாங்குவேன்.

என்னுடையதைத் திறந்தேன். KEM-490, போர்டில் BDP-020. இதற்குள் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் "CUH-11-க்குப் பொருந்தும்" என்று போட்டிருந்த ஒன்றை கார்ட்டில் வைத்திருந்தேன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தட்டின் ஓரத்தில் 860. அவர் பொய் சொல்லவில்லை, 11-க்கும் அது பொருந்தும்தான், ஆனால் என் 11-க்குப் பொருந்தாது. 490 தட்டாகப் பார்த்து வாங்கி, பழைய பச்சை போர்டை அப்படியே விட்டு, தட்டை மட்டும் மாற்றினேன். நாடா போன்ற அந்தத் தட்டையான கேபிள்களைப் பிடுங்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டேன், கிழிந்தால் அதற்கு ஒரு தனிப் படலம். வேலை செய்தது.

12-இலிருந்து இந்தத் தொல்லை மாறிவிட்டது. டிரைவை ஆளும் சில்லுகள் மதர்போர்டுக்கே போய்விட்டன, டிரைவில் தனிப் பச்சை போர்டு இல்லை. அதனால் அதே வகை டிரைவாக இருந்தால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். மூன்று குண்டும் ஒன்றுதானே என்று 12-இன் டிரைவை வாங்கி 11-இல் மாட்ட வந்தால், பச்சை போர்டை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு துக்கக் கதை. என் அலுவலகத்தில் ஒரு பையன், டோம்பிவிலியிலிருந்து வருகிறவன், அவனுடையது CUH-10. டிரைவ் கெட்டுப்போனதும் முழு டிரைவ் ஒன்று வாங்கி மாட்டினான், டிஸ்க் படிக்கவில்லை. புது டிரைவும் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினான், அதுவும் படிக்கவில்லை. அப்போதுதான் என்னிடம் சொன்னான். பழைய டிரைவ் எங்கே என்று கேட்டேன். அது எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது, கிலோ கணக்கில். அந்தப் பச்சை போர்டோடு சேர்ந்து அவன் பெட்டியின் டிஸ்க் படிக்கும் திறனும் போய்விட்டது. டவுன்லோடு செய்த கேம்கள் ஓடுகின்றன, அலமாரியில் இருபது டிஸ்க் சும்மா இருக்கிறது. உதிரிபாகம் மாற்றும்போது பழையதை ஆறு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், என் மனைவி இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு நான் எதையுமே தூக்கிப் போடுவதில்லை என்கிறாள்.

வெளியே மாட்டுகிற சாமான்களில் இவ்வளவு ஆபத்து இல்லை, காசுதான் வீண். குண்டுக்கு உரிய நிற்கும் ஸ்டாண்ட் CUH-ZST1, ஸ்லிம்முக்கும் ப்ரோவுக்கும் CUH-ZST2. ஸ்லிம்மில் ஆப்டிகல் ஆடியோ துளையே கிடையாது, குண்டிலும் ப்ரோவிலும் உண்டு. பழைய சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஸ்லிம் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். இதெல்லாம் மூன்று வடிவத்துக்கு நடுவில் உள்ள வித்தியாசம், கண்ணால் பார்த்தே தப்பித்துவிடலாம். ப்ரோவின் பவர் வயர்தான் வஞ்சகமானது. CUH-70, 71 இரண்டுக்கும் கம்ப்யூட்டருக்குப் போடுகிற தடித்த மூன்று முனை வயர். CUH-72-க்கு மறுபடியும் எட்டு வடிவ சின்ன வயர். மூன்றும் ஒரே மாதிரி மூன்று அடுக்குப் பெட்டி, தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. "ப்ரோ வயர்" என்று கேட்டு வாங்கினால் பாதிக்குப் பாதி தப்பு வரும்.

கடைசியாக கண்ட்ரோலர், ஏனென்றால் அதிகம் கெடுவதும் அதிகம் தப்பாக வாங்கப்படுவதும் அதுதான். பின்னால் உள்ள ஸ்டிக்கரில் CUH-ZCT1 அல்லது CUH-ZCT2 என்று தொடங்கும். இரண்டாவது 2016-இல் ஸ்லிம்மோடு வந்தது. டச்பேடின் மேல் விளிம்பில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தால் அது இரண்டாவது. பேட்டரி அளவு இரண்டுக்கும் ஒன்றே, 1000 எம்ஏஎச். ஆனால் பிளக் வேறு, முதலாவதில் பெரியது, இரண்டாவதில் சின்னது. கடையில் பேட்டரியை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டும்போதுதான் தெரியும். சிலர் பழைய பேட்டரியின் வயரை வெட்டிப் புதியதில் ஒட்டவைத்துச் சமாளிக்கிறார்கள். லித்தியம் பேட்டரியின் இரண்டு வயரும் ஒரே நேரத்தில் கத்தரிக்கோலில் பட்டால் என்ன ஆகும் என்று அண்ணன் கடையில் மேசை மேல் ஒரு கருகல் அடையாளம் இருக்கிறது, அதைக் காட்டிவிட்டுத்தான் பேசுவார்.

சார்ஜ் ஏற்றும் துளை உள்ள குட்டி போர்டு இன்னும் மோசம். முதல் வகை CUH-ZCT1-க்குள்ளேயே குறைந்தது இரண்டு விதம். JDS-001 என்று எழுதிய போர்டுக்கு 14 கோடுள்ள நாடா, JDS-011 என்றால் 12 கோடு. வெளி ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான். எனவே கண்ட்ரோலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, போர்டில் உள்ள எழுத்தைப் படித்து, முடிந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போவதுதான் வழி.

என் அக்கா மகன் கண்ட்ரோலர் ஒன்று இப்போது அப்படித்தான் திறந்தபடி என் மேசையில் கிடக்கிறது. JDS-001. அண்ணனிடம் கேட்டேன், 12 ஒரு டப்பா நிறைய இருக்கிறது, 14 இல்லை என்றார். மாடல் ஸ்டிக்கர் படம் அனுப்பினேன் அண்ணே என்றேன். "ஸ்டிக்கரை யாரு கேட்டா, போர்டைல்லா கேட்டேன்" என்றார். அதையும் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறதாம்.